புள்ளி வைத்த ஃபோல்டர்கள் எங்கே போகின்றன?

உபுண்டு போட்ட கணினியில் ஹோம் ஃபோல்டரைத் திறந்தால் கண்ணில் படுபவை கொஞ்சம்தான். Desktop, Documents, Downloads, Music, Pictures, Videos என்று எல்லோருக்கும் பழகிய பெயர்கள். அதே ஜன்னலில் Ctrl விசையை அழுத்திக்கொண்டு H-ஐத் தட்டினால் அந்தச் சின்னக் குடும்பம் சட்டென்று பெருத்துவிடும். .bashrc, .profile, .cache, .config, .local, .mozilla, .ssh என்று பெயருக்கு முன்னால் புள்ளி வைத்த ஒரு கூட்டமே வந்து நிற்கும். மறுபடியும் Ctrl+H தட்டினால் கூட்டம் கலைந்துபோகும். எதுவும் அழியவில்லை, எதுவும் இடம் மாறவும் இல்லை.

இந்தக் கூட்டத்தில் வேடிக்கையான பெயர்களும் உண்டு. உபுண்டுவில் பலருடைய ஹோம் ஃபோல்டரிலும் .sudo_as_admin_successful என்று ஒரு ஃபைல் கிடக்கும். திறந்து பார்த்தால் உள்ளே ஓர் எழுத்துகூட இருக்காது, அளவு சுழியம். sudo என்ற கட்டளையை எப்படிப் பயன்படுத்துவது என்று டெர்மினல் புதியவர்களுக்கு ஒரு குறிப்பு காட்டும். ஒருமுறை பயன்படுத்திவிட்டவருக்கு அந்தக் குறிப்பு இனி வேண்டாம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளவே இந்த வெற்று ஃபைல். நமக்காக அல்லாமல், ஒரு மென்பொருள் தனக்காகப் போட்டுக்கொண்ட குறிப்பு அது. புள்ளி வைத்த பெயர்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். உலாவியின் புக்மார்க்குகள், மின்னஞ்சல் மென்பொருளின் அமைப்புகள், டெர்மினலில் முன்பு அடித்த கட்டளைகளின் வரலாறு என்று நாம் கையால் தொட அவசியமில்லாத, ஆனால் தொலைந்தால் தவித்துப்போகும் பொருட்கள்.

இவற்றை மறைப்பது யார்? ஹார்டு டிஸ்க்கில் இதற்கென்று எந்த அடையாளமும் எழுதப்படுவதில்லை. லினக்ஸின் கெர்னல், அதாவது டிஸ்க்கையும் நினைவகத்தையும் நேரடியாக ஆளும் உள்மென்பொருள், .config என்ற பெயரையும் config என்ற பெயரையும் ஒன்றுபோலத்தான் பார்க்கிறது. ஒரு ஃபோல்டருக்குள் என்னென்ன இருக்கின்றன என்று கேட்கும் நிரலுக்கு அது முழுப் பட்டியலையும் கொடுத்துவிடும். அதைத் திரையில் காட்டும் நிரல்தான் ஒவ்வொரு பெயரின் முதல் எழுத்தையும் பார்த்து, புள்ளி என்றால் விட்டுவிடுகிறது. மறைத்தல் என்று நாம் சொல்வது, பட்டியல் வாசிப்பவர் சில பெயர்களை வாசிக்காமல் தாண்டிப் போவதுதான்.

இந்தப் பழக்கம் தொடங்கிய கதை 1970களின் தொடக்கத்துக்குப் போகிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று என்ற அடுக்கு அமைப்பு வந்ததும், மேலும் கீழும் நடமாட வழி தேவைப்பட்டது. அதற்காக ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் இரண்டு பெயர்களைத் தாமாகவே வைத்தார்கள். ஒற்றைப் புள்ளி என்றால் ‘இதே ஃபோல்டர்’. இரட்டைப் புள்ளி என்றால் ‘இதற்கு மேலே உள்ளது’. இன்றும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் இந்த இரண்டும் இருக்கின்றன.

சிக்கல் பட்டியலில் வந்தது. ஃபோல்டரில் இருப்பவற்றைக் காட்டும் ls என்ற கட்டளையை எப்போது அடித்தாலும் இந்த இரண்டு பெயர்களும் முன்னால் வந்து நின்றன. பயனில்லாத இரைச்சல். அதை நீக்க ls நிரலில் ஒரு சோதனை சேர்க்கப்பட்டது. இதைப் பின்னாளில் விவரித்தவர் ராப் பைக். அதே பெல் ஆய்வகத்தில் பின்னர் பணியாற்றியவர், கோ நிரல்மொழியை உருவாக்கியவர்களில் ஒருவர். 2012-இல் எழுதிய ஒரு குறிப்பில், அந்தச் சோதனையைச் சேர்த்தவர் தாம்சனாகவோ ரிட்சியாகவோ இருக்கவேண்டும் என்கிறார். மூல நிரல் அசெம்ப்ளியில் இருந்தது; இன்றைய வாசகருக்குப் புரியும்படி சி மொழியில் அதை அவர் இப்படிக் காட்டினார்:

```c
if (name[0] == '.') continue;
```

பெயரின் முதல் எழுத்து புள்ளியாக இருந்தால் அதைக் காட்டாமல் அடுத்ததற்குப் போ என்பது இதன் பொருள். மறைக்க நினைத்தது ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என்ற இரண்டே பெயர்களை. முழுப் பெயரையும் ஒப்பிட்டிருந்தால் அந்த இரண்டு மட்டும் மறைந்திருக்கும். முதல் எழுத்தை மட்டும் பார்ப்பது எழுதச் சுலபம், ஓடவும் வேகம். ஆனால் அதன் விளைவாக, புள்ளியில் தொடங்கும் எந்தப் பெயரும் பட்டியலில் வராது என்றாகிவிட்டது. அன்றைக்கு அப்படி வேறு பெயர் எதுவும் இருந்திருக்காது என்பதால் யாருக்கும் உறுத்தவில்லை.

உறுத்தாதது வசதியாகவும் தெரிந்தது. தன் அமைப்புகளை எங்காவது சேமிக்கவேண்டிய ஒவ்வொரு நிரலாளரும், பயனரின் ஹோம் ஃபோல்டரில் புள்ளி வைத்த ஒரு பெயரில் போட்டுவிட்டால் அவர் கண்ணில் படாது என்று கண்டுகொண்டார். ஆளுக்கொன்று போட, ஹோம் ஃபோல்டர் நிரம்பியது. பைக்கின் வருத்தம் இதைப் பற்றித்தான். அமைப்புகளுக்கென்று ஒரே ஒரு ஃபோல்டரை வெளிப்படையாக ஒதுக்கியிருந்தால் இவ்வளவு ஒட்டடை சேர்ந்திருக்காது என்பது அவர் வாதம். பெல் ஆய்வகத்திலேயே யூனிக்ஸுக்கு அடுத்து உருவான பிளான் 9 இயங்குதளத்தில் அப்படித்தான் செய்தார்கள்; பயனரின் அமைப்புகள் lib என்ற சாதாரணப் பெயருள்ள ஃபோல்டரில் இருந்தன. லினக்ஸ் உலகமும் 2003-இல் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. அமைப்புகள் .config-இல், தரவுகள் .local/share-இல், அழிந்தாலும் பாதகமில்லாதவை .cache-இல் என்று பிரித்துக்கொள்ளும் ஒரு வரைமுறை அது. பல மென்பொருள்கள் பின்பற்றின. .ssh போன்ற பழைய பெயர்கள் தங்கள் இடத்திலேயே இருந்துவிட்டன. அந்த வரைமுறையும் புள்ளியைக் கைவிடவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். குப்பையை மூன்று கூடைகளாகப் பிரித்தார்கள், கூடைகளை மறைத்தே வைத்தார்கள்.

சுட்டியால் இயக்கும் ஃபைல் மேனேஜர்கள் வந்தபோது அவையும் ls-இன் வழக்கத்தையே ஏற்றுக்கொண்டன. திரும்பக் காட்டச் சொல்லும் வழி மட்டும் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். உபுண்டுவின் ஃபைல்ஸ், மின்ட்டின் நீமோ, எக்ஸ்எஃப்சிஇ-யின் துனார் எல்லாவற்றிலும் Ctrl+H. கேடிஇ-யின் டால்ஃபினில் Alt விசையோடு புள்ளி. மேக்கின் ஃபைண்டரில் Command, Shift, புள்ளி மூன்றையும் சேர்த்து அழுத்தவேண்டும். 2016-இல் வந்த சியரா பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. ஃபைண்டரிலும் டால்ஃபினிலும் இப்படி வெளிவந்தவை சற்று மங்கலாகத் தெரியும், சாதாரண ஃபைலோடு குழம்பாது. உபுண்டுவின் ஃபைல்ஸில் பெயர் வரிசைப்படி அடுக்கினால் புள்ளிப் பெயர்கள் கடைசியில் போய் நிற்கும். Ctrl+H அடித்தும் எதுவும் மாறவில்லையே என்று நினைப்பவர் பட்டியலின் கீழ்ப்பக்கம் போய்ப் பார்க்கவேண்டும்.

பலர் தவறவிடும் ஓரிடம் உண்டு. உலாவியில் ஒரு ஃபைலைப் பதிவேற்றும்போது திறக்கும் சிறிய ஜன்னலும் புள்ளிப் பெயர்களை மறைக்கும். உபுண்டுவில் அங்கேயும் Ctrl+H வேலை செய்யும். அல்லது Ctrl+L அடித்து, முகவரிக் கட்டத்தில் நேராக `~/.config` என்று எழுதலாம். பட்டியலில் அந்தப் பெயர் இல்லாமலிருக்கும்போதே ஃபோல்டர் திறந்துகொள்ளும். தாழ்ப்பாள் எதுவும் இல்லை என்பதற்கு இதைவிட நேரான சோதனை கிடையாது. ஆகையால் யாரும் பார்க்கக்கூடாத ஆவணத்தை .ரகசியம் என்ற ஃபோல்டரில் போட்டுவைத்தால் பாதுகாப்பு என்று எண்ணுவது வீண். அதே கணினியை அதே கணக்கில் திறப்பவர் எவருக்கும் இரண்டு விசை போதும். பாதுகாப்பு வேண்டுமென்றால் தனிப் பயனர் கணக்கோ, கடவுச்சொல் போட்டுப் பூட்டிய குறியாக்கமோதான் வழி.

இது ஒவ்வொரு நிரலும் தன்னளவில் கடைப்பிடிக்கும் வழக்கம் என்பதால், வழக்கம் தெரியாத இடத்துக்குப் போனால் மறைவு கலைந்துவிடும். பென்டிரைவ் அதற்கு நல்ல சாட்சி.

16 ஜிபி பென்டிரைவ் ஒன்று உபுண்டு கணினியில் செருகப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்த 12 ஜிபி கல்யாண வீடியோக்களை உரியவர் தேர்ந்தெடுத்து Delete விசையால் நீக்கிவிடுகிறார். ஜன்னல் காலியாகத் தெரிகிறது. புதிதாக 8 ஜிபி ஃபைல் ஒன்றைப் போட முயன்றால் இடமில்லை என்கிறது கணினி. பென்டிரைவ் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் தோன்றும்.

Ctrl+H அடித்தால் விஷயம் தெரிந்துவிடும். .Trash-1000 என்று ஒரு ஃபோல்டர் அங்கே இருக்கிறது. Delete விசை ஃபைலை அழிப்பதில்லை, குப்பைத்தொட்டிக்கு அனுப்புகிறது. ஹோம் ஃபோல்டரிலுள்ள குப்பைத்தொட்டிக்கு அனுப்பவேண்டுமானால் 12 ஜிபியையும் பென்டிரைவிலிருந்து ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுக்கவேண்டியிருக்கும். நேரம் பிடிக்கும், அங்கே இடமும் வேண்டும். ஒரே டிரைவுக்குள் இடம் மாற்றுவது கண நேர வேலை. ஆகவே பென்டிரைவிலேயே ஒரு குப்பைத்தொட்டி திறக்கப்படுகிறது. 1000 என்பது அந்தக் கணினியில் அவருடைய பயனர் எண். உபுண்டுவை நிறுவும்போது உருவாக்கப்படும் முதல் கணக்குக்கு இந்த எண்தான் கிடைக்கும்.

அதற்குள் இரண்டு ஃபோல்டர்கள். files என்பதில் வீடியோக்கள் அப்படியே இருக்கும். info என்பதில் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு சிறு குறிப்பு ஃபைல் இருக்கும்:

```
[Trash Info]
Path=kalyanam/muhurtham.mp4
DeletionDate=2024-06-12T18:40:05
```

முன்பு எங்கே இருந்தது, எப்போது நீக்கப்பட்டது என்ற இரண்டே தகவல். ‘மீட்டெடு’ என்று சொன்னால் பழைய இடத்தில் கொண்டுபோய் வைக்க இதுதான் ஆதாரம். பெயர் தமிழில் இருந்தால் இந்தக் குறிப்பில் தமிழாகத் தெரியாது. %E0%AE என்பதுபோன்ற குறிகளின் நீண்ட சரமாக இருக்கும். அதைக் கண்டு ஃபைல் பழுதாகிவிட்டது என்று பதற வேண்டாம். files ஃபோல்டரில் அதே ஃபைல் தமிழ்ப் பெயரோடுதான் இருக்கும்.

இடத்தை மீட்பதற்குப் பென்டிரைவைச் செருகியிருக்கும்போதே குப்பைத்தொட்டியைக் காலிசெய்யவேண்டும். பிடுங்கிய பிறகு காலிசெய்தால் பென்டிரைவிலுள்ள தொட்டி தொடப்படாது. முதலிலேயே Shift+Delete அழுத்தியிருந்தால் தொட்டிக்குப் போகாமல் நேராக அழிந்திருக்கும். ஆனால் அதற்குப் பிறகு மீட்பு கிடையாது.

இப்போது அதே பென்டிரைவை, காலிசெய்யாமலே, ஜெராக்ஸ் கடையில் உள்ள விண்டோஸ் கணினியில் செருகுவோம். .Trash-1000 பட்டப்பகலில் நிற்பதுபோல் வெளிப்படையாகத் தெரியும். விண்டோஸின் எக்ஸ்ப்ளோரருக்குப் புள்ளி ஒரு சாதாரண எழுத்துதான். முன்பின் பார்த்திராத பெயர் என்பதால் வைரஸ் என்று அஞ்சுபவர்கள் நிறைய. அது வைரஸ் இல்லை. உள்ளே இருப்பது வேண்டாம் என்று உறுதியானால் அங்கேயே நீக்கிவிடலாம். மேக் கணினிகளும் இதேபோலப் பென்டிரைவில் .DS_Store, .Trashes, .Spotlight-V100 போன்றவற்றை விட்டுச்செல்லும். மேக்கில் தெரியாதவை விண்டோஸில் தெரியும்.

விண்டோஸ் மறைக்கும் முறை வேறு. டாஸ் காலத்திலிருந்தே ஃபைலின் பெயரோடு சேர்த்து ‘மறைக்கப்பட்டது’ என்ற ஒரு குறி டிஸ்க்கிலேயே எழுதப்படுகிறது. பெயர் எதுவாகவும் இருக்கலாம். விண்டோஸ் 11-இல் View, அதில் Show, அதில் Hidden items என்று போனால் இவை தெரியும். பென்டிரைவ் வைரஸ்களில் ஒரு வகை இந்தக் குறியைத்தான் பயன்படுத்துகிறது. நம் ஃபோல்டர்களுக்கு ‘மறைக்கப்பட்டது’, ‘சிஸ்டத்துக்கு உரியது’ என்ற இரண்டு குறிகளையும் சேர்த்துப் போட்டுவிட்டு, அவற்றின் இடத்தில் அதே பெயரில் ஷார்ட்கட்களை வைத்துவிடும். இரண்டு குறியும் சேர்ந்துவிட்டால் Hidden items-ஐ மட்டும் தேர்ந்தெடுப்பது போதாது. ஃபோல்டர் அமைப்புகளில் Hide protected operating system files என்ற வரியின் தேர்வையும் எடுத்துவிட்டால்தான் தெரியும்.

அந்தப் பென்டிரைவை லினக்ஸ் கணினியில் செருகினால் எந்த அமைப்பையும் மாற்றாமலே உண்மையான ஃபோல்டர்கள் கண்முன் இருக்கும். எக்ஸ்ப்ளோரர் புள்ளியைப் பொருட்படுத்தாததைப்போல லினக்ஸின் ஃபைல் மேனேஜர் அந்த டாஸ் குறியைப் பொருட்படுத்துவதில்லை. ஷார்ட்கட் வைரஸில் சிக்கிய பாடக்குறிப்புகளையும் படங்களையும் நகலெடுத்துக் காப்பாற்ற இது பாதுகாப்பான வழியும்கூட. அந்த வைரஸ்கள் விண்டோஸில் ஓடுவதற்காக எழுதப்பட்டவை.

இரண்டு முறைகளும் ஒன்றாக நிற்கும் இடமும் இருக்கிறது. நிரலாளர்கள் பயன்படுத்தும் கிட் என்ற கருவி ஒவ்வொரு திட்டத்தின் முழு வரலாற்றையும் .git என்ற ஃபோல்டரில் வைக்கிறது. விண்டோஸில் புள்ளி மட்டும் மறைக்காது என்பதால், அங்கே நிறுவப்பட்ட கிட் அந்த ஒரு ஃபோல்டருக்கு விண்டோஸின் குறியையும் தானே போட்டுவிடுகிறது. மேக்கிலும் ஏறக்குறைய இதே நிலை. ஹோம் ஃபோல்டரிலுள்ள Library என்ற ஃபோல்டருக்குப் புள்ளி கிடையாது; ஆனாலும் 2011-இல் வந்த லயன் பதிப்பிலிருந்து ஒரு தனிக் குறியின் மூலம் அது மறைக்கப்பட்டிருக்கிறது.

நம் சட்டைப்பையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனிலும் இந்த வழக்கம் வாழ்கிறது. ஆண்ட்ராய்டு லினக்ஸ் கெர்னலின் மேல் கட்டப்பட்டது. வாட்ஸ்அப்பில் பிறருடைய ஸ்டேட்டஸைப் பார்க்கும்போது இறங்கும் படங்களும் வீடியோக்களும் .Statuses என்ற ஃபோல்டரில் தங்குகின்றன. முன்னால் புள்ளி இருப்பதால் கேலரியில் வருவதில்லை. ஃபைல் மேனேஜரில் ‘மறைக்கப்பட்டவற்றைக் காட்டு’ என்ற அமைப்பை இயக்கினால் தெரியும். ஒரு ஃபோல்டருக்குள் .nomedia என்ற பெயரில் வெற்று ஃபைல் ஒன்றை வைத்தால் அந்த ஃபோல்டரின் படங்களைக் கேலரி விட்டுவிடும். இங்கும் போன் எதையும் பூட்டவில்லை. கேலரி என்ற நிரல் தாண்டிப் போகிறது, அவ்வளவுதான்.

புள்ளி வைத்த ஃபோல்டர்களால் உண்மையான இழப்பு நேர்வது கணினி மாற்றும்போது. பழைய உபுண்டு மடிக்கணினியிலிருந்து புதியதற்குப் போகும் ஒருவர், ஹோம் ஃபோல்டரைத் திறந்து Ctrl+A அடித்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வெளி டிஸ்க்குக்கு நகலெடுக்கிறார். Ctrl+A தேர்ந்தெடுப்பது திரையில் தெரிபவற்றை மட்டுமே. புள்ளிப் பெயர்கள் மறைந்திருந்தால் ஒன்றுகூட நகலில் சேராது, எச்சரிக்கையும் வராது. பழைய கணினியை அழித்து யாருக்காவது கொடுத்த பிறகு, புதியதில் தண்டர்பேர்ட் மின்னஞ்சல் மென்பொருளைத் திறந்தால், புதிதாகக் கணக்கு ஏற்படுத்தச் சொல்லிக் கேட்கும்.

தண்டர்பேர்ட் தன் சரக்கையெல்லாம் .thunderbird என்ற ஃபோல்டரில் வைக்கிறது. அதற்குள் ஏதோ எட்டு எழுத்துகளும் .default-release என்ற ஒட்டும் சேர்ந்த பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் Mail. சர்வரிலேயே தங்கும் ஐமேப் வகைக் கணக்கு என்றால் பெரிய இழப்பில்லை, கடிதங்கள் மறுபடி இறங்கிவிடும். பாப் வகைக் கணக்கு என்றால் கடிதங்கள் சர்வரிலிருந்து நீக்கப்பட்டு இந்த Mail ஃபோல்டரில் மட்டும் இருந்திருக்கக்கூடும். பல ஆண்டுக் கடிதங்கள் Inbox என்ற ஒற்றை ஃபைலில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்திருக்கும்.

காப்பாற்றும் வழி எளிது. முதலில் தண்டர்பேர்டை மூடவேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது நகலெடுத்தால் அரைகுறையாக வரலாம். பிறகு Ctrl+H. .thunderbird அங்கே இல்லையென்றால் வேறெங்கு என்று தேடவேண்டும், ஏனென்றால் அண்மைய உபுண்டுவில் தண்டர்பேர்ட் ஸ்னாப் என்ற வடிவில் வருகிறது. அப்போது அதன் இடம் `~/snap/thunderbird/common/.thunderbird`. இங்கே snap-க்குப் புள்ளி இல்லை, உள்ளே இருக்கும் .thunderbird-க்கு உண்டு.

இங்கே ஒரு நுட்பம் கைகொடுக்கும். மறைந்த பெயர்கள் விடுபடுவது, திறந்த ஃபோல்டருக்குள் நின்று தேர்ந்தெடுக்கும்போதுதான். ஒரு ஃபோல்டரை வெளியிலிருந்து முழுதாக நகலெடுத்தால் உள்ளே மறைந்திருப்பவையும் சேர்ந்தே வரும். snap ஃபோல்டரை அப்படியே நகலெடுத்தவருக்கு உள்ளிருக்கும் .thunderbird கிடைத்துவிடும். ஹோம் ஃபோல்டருக்கும் அப்படியே. ஒரு படி மேலே `/home`-க்குப் போய், தன் பெயருள்ள ஃபோல்டரை மொத்தமாக எடுத்தால் எதுவும் தவறாது. டெர்மினலிலும் இதே வேறுபாடு. `cp -r *` என்றால் நட்சத்திரக் குறி புள்ளிப் பெயர்களைச் சேர்க்காது. இப்படி எழுதினால் சேர்க்கும்:

```
cp -a ~/. /media/ravi/backup/
```

`~/` என்பதற்குப் பின்னால் நிற்கும் ஒற்றைப் புள்ளிக்கு ‘இந்த ஃபோல்டர் முழுவதும்’ என்று பொருள். தாம்சனும் ரிட்சியும் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் வைத்த அதே பெயர்தான். கட்டளையின் கடைசியில் இருப்பது வெளி டிஸ்க்கின் முகவரி. Ravi என்ற இடத்தில் அவரவர் பயனர் பெயரும் backup என்ற இடத்தில் டிஸ்க்கின் பெயரும் வரவேண்டும்.

வெளி டிஸ்க் எந்த முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டது என்பதையும் பார்க்கவேண்டும். FAT32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் அதில் ஏறாது. பெரிய Inbox அங்கேயே தடுக்கிவிடும். FAT வகை டிஸ்க்குகள் லினக்ஸின் அனுமதி விவரங்களையும் சேமிப்பதில்லை. தொலைவிலுள்ள சர்வருக்குள் நுழையும் சாவிகளை வைத்திருக்கும் .ssh ஃபோல்டர் இப்படிப் போய்வந்தால், புதிய கணினியில் ssh கட்டளை UNPROTECTED PRIVATE KEY FILE என்று எச்சரித்து அந்தச் சாவியை ஏற்க மறுக்கும். சாவி கெடவில்லை, மற்றவர்களும் படிக்கலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டது, அவ்வளவே. சாவி ஃபைலுக்கு `chmod 600` கொடுத்தால் சரியாகிவிடும். இதைத் தவிர்க்க வெளி டிஸ்க்கை லினக்ஸின் ext4 முறையில் ஃபார்மேட் செய்துகொள்வது நல்லது.

எதிர்த்திசையிலும் எச்சரிக்கை வேண்டும். காலியாகத் தெரியும் ஃபோல்டர் காலி என்று நம்பி நீக்கினால், உள்ளே மறைந்திருப்பதும் சேர்ந்தே போகும். நீக்குமுன் ஒருமுறை Ctrl+H அடித்துப் பார்ப்பது இரண்டு நொடி வேலை. அதேபோல, புள்ளிப் பெயர்களைக் காட்டச்சொல்லிவிட்டு, இடத்தை அடைக்கின்றன என்று கண்டபடி அழிப்பதும் ஆபத்து. .cache-க்குள் இருப்பவை அழிந்தாலும் மென்பொருள்கள் மறுபடி உருவாக்கிக்கொள்ளும். .config, .local, .ssh, .mozilla அப்படியல்ல.

snap ஃபோல்டரைப் பற்றிச் சொல்லவேண்டியது இன்னும் கொஞ்சம் மீதம் இருக்கிறது. மென்பொருள் ஒன்று ஹோம் ஃபோல்டரில் புள்ளி இல்லாமல் ஒரு ஃபோல்டரைத் திறந்து வைத்ததைப் பல லினக்ஸ் பயனர்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அதைக் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றுங்கள் என்ற கோரிக்கை 2016-இலேயே உபுண்டுவின் பிழைப் பட்டியலில் பதிவானது. பெயரை .snap என்று நாமே மாற்றவும் முடியாது. அந்தப் பெயரை நம்பியிருக்கும் மென்பொருள்கள் தங்கள் தரவைத் தேடித் தவிக்கும்.

பெயரைத் தொடாமலே மறைக்க வழி இருக்கிறது. ஒரு ஃபோல்டரில் .hidden என்ற பெயரில் ஓர் எழுத்து ஃபைலை உருவாக்கி, வரிக்கு ஒன்றாகப் பெயர்களை எழுதிவைத்தால், உபுண்டுவின் ஃபைல் மேனேஜர் அந்தப் பெயர்களையும் புள்ளிப் பெயர்களைப்போலவே நடத்தும். டெர்மினலில் ஒரே வரி:

```
echo snap >> ~/.hidden
```

பிறகு ஃபைல் மேனேஜரில் F5 அடித்துப் புதுப்பித்தால் snap காணாமல் போயிருக்கும். Ctrl+H அடித்தால் திரும்ப வரும். டெர்மினலில் ls அடித்தாலோ அது எப்போதும்போலத் தெரியும், ஏனென்றால் ls அந்த .hidden ஃபைலைப் படிப்பதே இல்லை. மறைத்தது வேண்டாம் என்றால் .hidden-ஐத் திறந்து அந்த வரியை அழித்துவிடலாம். அந்த .hidden-இன் பெயரும் புள்ளியில்தான் தொடங்குகிறது என்பதால், அதைத் திறப்பதற்கு முதலில் Ctrl+H அடிக்கவேண்டும்.